விபூதியைக் கழுவிவிட்டு அனுப்புங்கள்

ஜெயசித்ராவுக்கு எங்கள் ஊரில் ஒருவரும் நன்றி சொல்லவில்லை. மேல்மடைக்காரர்களும் சொல்லவில்லை, கடைமடைக்காரர்களான நாங்களும் சொல்லவில்லை. நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வில்லியனூரில் இருக்கிறார். கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். கல்வெட்டு படிக்கத் தனியாகப் பயிற்சி எடுத்தவர். பாகூர்ப் பக்கம் எழுத்துள்ள கல் எங்கே கிடைத்தாலும் படம் அவருடைய போனுக்குப் போய்விடும். அம்மியைக்கூடப் படமெடுத்து "எந்த ராஜா காலம்?" என்று கேட்பார்கள். "அம்மி" என்று பதில் போடுவார். அதற்கும் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

கோடையில் எங்கள் ஏரியைத் தூர்வாரும்போது ஜேசிபி ஒரு பலகைக்கல்லைப் புரட்டியது. மதகுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் தணிகைவேல் அதைக் கோயிலடிக்குக் கொண்டுபோய் எண்ணெய் அபிஷேகம் செய்து, எழுத்துப் பள்ளங்களில் விபூதியை அடைத்துப் படமெடுத்தார். எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டுமாம். பிறகு மார்கழியில் கதிர் வெளிவரும் நேரத்தில், "ராஜா கல்லுலயே இருக்கு. தண்ணிக்கு எல்லை கிழக்கு வாய்க்கால்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் விடும் மதகு ஷட்டரை இறக்கிவிட்டார். ஆயிரம் வருஷத்து ராஜா பெயரைச் சொல்லி வாயில்லாப் பயிரைக் காயப்போட்டால் தட்டிக் கேட்க ஆளில்லை என்று நினைப்பு!

கலியம்மாளுக்கு ஒரு காணி நெல். புருஷன் இல்லை, வேறு வரும்படியும் இல்லை. அந்தப் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு நானும் அவரும் வில்லியனூருக்குப் பஸ் ஏறினோம்.

ஜெயசித்ரா படத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

"இது கல்லோட போட்டோ இல்லீங்க, விபூதியோட போட்டோ. அடச்சவரு எதை எழுத்துன்னு நெனச்சாரோ அதுதான் தெரியுது. தண்ணி விட்டு மெதுவா கழுவுங்க. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சிடாதீங்க. சாயங்கால வெயில் பக்கவாட்டுல விழறப்ப ஒவ்வொரு வரியா எடுங்க. வெயில் இல்லன்னா பக்கத்துலேந்து டார்ச் அடிங்க. ஒரு ஸ்கேலையும் வெச்சு எடுங்க."

அப்படியே எடுத்து அனுப்பினோம். சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நின்றது. தணிகைவேல் படத்தில் "தண்ணி" என்று காட்டிய இடத்தில் எழுத்தே இல்லை, வெறும் கல் வெடிப்பு.

மறுநாள் ஜெயசித்ரா எங்களை வீட்டுக்கு வரச்சொல்லிப் படித்ததைச் சொன்னார். தொடக்கத்தில் மங்கலச் சொல் இருக்கிறது. பரகேசரி என்ற பட்டம் இருக்கிறது, ஆனால் அது பல சோழ ராஜாக்களுக்குரிய பட்டம் என்பதால் அதை மட்டும் வைத்து எந்த ராஜா என்று சொல்ல முடியாது. ஆட்சியாண்டு உடைந்துவிட்டது. எழுத்தின் வடிவம் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது. "ஏரி" தெளிவு. "கீழ்பாற்கெல்லை" தெளிவு, அதாவது கிழக்குப் பக்கத்து எல்லை. மற்றதெல்லாம் சிதைவு.

"அப்ப எங்களுக்கும் தண்ணி உண்டுன்னு எழுதிக் குடும்மா" என்றார் கலியம்மாள்.

"அதுவும் கல்லுல இல்லம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இங்கே பயிர் கருகுகிறது, இந்த அம்மா சந்தேக எழுத்துக்குப் பகர அடைப்பும் போன எழுத்துக்குப் புள்ளியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே! வாய்விட்டே கேட்டேன். "இல்லாதத நான் உங்களுக்காகப் படிச்சா, நாளைக்கு அவரும் இல்லாதத படிக்கச் சொல்வாரு" என்றார். கோபம் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம் போட்டார்கள். ஜெயசித்ரா வந்து எங்களிடம் சொன்னதையே சொன்னார். தணிகைவேல் துள்ளி எழுந்தார்.

"இன்னா மேடம், கிழக்கு எல்லைன்னு நீங்களே படிக்கிறீங்க. அப்புறம் இன்னா?"

"நிலம் குடுத்தா நாலு பக்கமும் எல்லை சொல்லி வெட்டுறது வழக்கம். எதுக்கு எல்லைன்னு சொல்ற பாகம் ஒடஞ்சு போச்சு. தண்ணிக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சந்தேகம்னா ஊருக்குப் பெரியவங்க பக்கம் எழுதுறதுதான் மரியாதை."

"சந்தேகத்த சந்தேகம்னுதான் எழுதுவேன்."

எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள், இவளைக் கூட்டிவந்து என்ன பிரயோசனம் என்று. கலியம்மாள்தான் எழுந்து நடுவில் வந்தார்.

"கல்லு ஒண்ணும் சொல்லலன்னு ஆயிப்போச்சு. இப்ப நீ சொல்லு தணிகவேலு. ஷட்டர ஏன் மூடன?"

தணிகைவேல் கல்லைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். இத்தனை நாளும் அவருக்கு மறைவாக ஒரு ராஜா நின்றிருந்தார். இப்போது யாரும் இல்லை. எங்களுக்கு வேண்டும், உங்களுக்குக் கிடையாது என்று சொந்த வாயால் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் ஷட்டர் ஏறியது. கலியம்மாள் நெல்லில் பாதி அதற்குள் பதராகிவிட்டது. அதற்கு யார் பொறுப்பு என்று எந்தக் கூட்டமும் கேட்கவில்லை.

கல் கோயிலடியில்தான் நிற்கிறது. தணிகைவேல் வீட்டார் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து எழுத்தில் விபூதியை அடைக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கலியம்மாள் எங்கள் வாய்க்காலில் ஒரு குடம் மொண்டு வந்து கழுவிவிட்டுத்தான் வயலுக்குப் போகிறார்.