ஐஸ் பெட்டிக்குள் முப்பது எண்ணினேன்

எனக்கு மூக்கு மேல் கோபம். காசிமேட்டில் மீன் விற்கிறவளுக்கு அது தொழிலுக்கு உதவும், வீட்டுக்கு உதவாது. மகளுக்கு வந்த முதல் வரனை நான் கத்தியே விரட்டினேன். அடுத்தது வந்தபோது அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"இந்த வாட்டியும் கத்தினா, என் கல்யாணத்துக்கு நீ வராத."

வலித்தது. ஆனாலும் அவள் கூப்பிட்ட இடத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்த ஆலோசகர் அம்மா முதலில் என் நெஞ்சைப் பற்றியும் பிரஷரைப் பற்றியும் விசாரித்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சொல்லிக்கொடுத்தார். குனிந்து, மூச்சைப் பிடித்து, கண்ணும் கன்னமும் நனைய முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் முப்பது எண்ணும்வரை வைக்க வேண்டும். படபடப்பு இறங்கும். பிறகு நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். கோபம் அடியோடு போகாது, யோசிக்கிற அளவுக்குக் குறையும் என்றார். இதுக்கா டாக்டரம்மா படிச்சீங்க என்று கேட்க நினைத்தேன். மகள் முறைத்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, மாப்பிள்ளை வீட்டார் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குப் பேசி முடித்தால் அடுத்த வாரமே மாதா கோயில் பூசையில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கலாம். எல்லாம் நன்றாகத்தான் போனது. பையனின் அத்தை மட்டும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

"பொண்ணு நல்லாத்தான் கீது. வூடுதான் ஒரே கவுச்சி."

காது சூடானது. மகள் என்னையே பார்த்தாள். எழுந்து சமையலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்தேன். மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராக வந்தது. மதியக் குழம்புக்குச் சங்கரா மீன் வைத்திருந்த தெர்மாகோல் பெட்டி கண்ணில் பட்டது. ஐஸ் பாதி உருகிக் கிடந்தது. மூடியை எடுத்துவிட்டு முகத்தை உள்ளே விட்டேன். முப்பது எண்ணி நிமிர்ந்தால், சமையலறை வாசலில் அதே அத்தை, கையில் காலி டம்ளருடன்.

"இன்னாமா பண்ணிகினு கீற?"

நாலு இழுத்து, ஆறு விட்டேன். அத்தை பொறுமையாகக் காத்திருந்தாள். இன்னொரு தடவையும் விட்டேன். நெஞ்சு நிதானமானது. அப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"உங்க மேல கோவம் வந்துச்சு. அந்தக் கோவத்த எறக்கிகினு கீறேன்."

அத்தை பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் வாய்தான் தனக்குச் சத்துரு, வீட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள் என்றாள். கத்தியிருந்தால் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன். தானும் ஒரு தரம் முக்கிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சத்தம் கேட்டு மகள் முகம் வெளுத்து ஓடி வந்தாள். நான் கத்தவில்லை, சிரிக்கிறேன் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கிட்டே வந்து, புதுப் பட்டு முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். அய்யோ, பட்டுல செதில் ஒட்டும்டி என்றேன்.

"ஒட்டட்டும்மா," என்றாள்.