துபாய் பாட்டிலும் பழைய டிராப்பரும்

ருக்சானா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். பட்டாசுப் பெட்டி லேபிளில் எழுத்து மங்கினாலும் நிறம் விலகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பக்கத்து மேசைக்காரி நான், பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவளும் ஒரே ஒரு லேபிளைப் படிக்காமல் விட்டாள்.

மூத்தவள் அமீனா கைக்குழந்தையாக இருந்தபோது, டாக்டர் எழுதிய வைட்டமின் டி சொட்டு மருந்தை டிராப்பரின் மேல்கோடு வரை, தினம் ஒரு மில்லி கொடுத்துவந்தாள். அது தீர்ந்த சமயம் கொழுந்தன் ஜாபர் சாதிக் துபாயிலிருந்து வந்தான்.

"மதினி, அங்கன பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்காக" என்று மூன்று குட்டிப் பாட்டில்களை நீட்டினான்.

வெளிநாட்டுச் சரக்கென்றால் நமக்குக் கேள்வி கேட்க வாய் வராதே! அதன் டிராப்பரில் கோடே இல்லை. அளவு தப்பக்கூடாதென்று, கழுவி வைத்திருந்த பழைய டிராப்பரால் அதே கோடு வரை எடுத்தாள். 'ஒரு நாளைக்கு ஒரு சொட்டு' என்று லேபிளில் பொடி எழுத்தில் இருந்தது. பழைய மருந்தின் ஒரு மில்லியில் உள்ள சத்து முழுதும் இதில் ஒரே சொட்டில் இருந்தது.

மூன்று பாட்டிலும் தீர்வதற்குள் குழந்தை பால் மறுத்தது, வாந்தி எடுத்தது, துவண்டுபோனது. மதுரை ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டார்கள். ஆனால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்துவிட்டது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்கள். அமீனா "தண்ணி" என்று கேட்கும்போதெல்லாம் ருக்சானாவின் முகம் வெளிறும்.

இப்போது இரண்டாவதாக ஓர் ஆண்குழந்தை. இவனுக்கும் டாக்டர் வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதியிருந்தார். கணவர் பீர் முகைதீன் கேட்டால், "சொட்டு கொடுத்தாச்சு" என்பாள். அமீனாவையும் கூட்டிக்கொண்டு தடுப்பூசி போடப் போனபோது நானும் துணைக்குப் போனேன். அங்கே நர்ஸ் ஸ்ரீமதி மருந்துப் பாட்டிலைக் கேட்டு வாங்கினாள். அதன் சீல்கூட உடைபடவில்லை.

ருக்சானா நடந்ததையெல்லாம் சொல்லி உடைந்து அழுதாள். "அந்தக் கோடு கண்ணுக்குள்ளயே நிக்கிது. என் கையாலயே இன்னொரு பிள்ளைக்கும்..."

நர்ஸ் கோபப்படவில்லை. "கொடுக்காம விட்டாலும் எலும்புக்குக் கேடுதான்க்கா. வேற பாட்டில் டிராப்பர் வேண்டாம். மருந்து மாறினா அளவும் மாறும், லேபிளைப் பாருங்க. இதுல ஒரு மில்லிக்கு நானூறு யூனிட்டு, பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அம்புட்டுத்தான்." ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்துத் தந்தாள்.

ருக்சானா லேபிளை எழுத்தெழுத்தாகப் படித்தாள். மருந்தை இழுத்தாள். குமிழி தெரிந்தது. தட்டி வெளியேற்றி, மறுபடி இழுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு மில்லிக் கோட்டில் நிறுத்தினாள். கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். குழந்தை சப்புக்கொட்டியது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அமீனா தாயின் முந்தானையை இழுத்தாள்.

"எனக்கும் இப்படித்தான் பாத்துப் பாத்துக் கொடுத்தியாம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ருக்சானா பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, மகளிடம் நீட்டினாள்.