கம்மாய்க்குள் விழுந்த வீடு

அந்தப் பாடத்திட்டத்தை நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க எழுதினேன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணித ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு ஆயத்தொலைவு நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் (3, 4) என்பதையும் (4, 3) என்பதையும் குழப்பிக்கொள்வார்கள். கரும்பலகையில் எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் அடுத்த நாள் பழைய கதைதான். புள்ளி அவர்களுக்குச் சொந்தமாக இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது.

அதனால் மூன்று கட்டமாகப் பிரித்தேன். முதலில் வகுப்பறை. வாசல் மூலைதான் ஆதிப்புள்ளி. அங்கிருந்து வலப்பக்கம் எத்தனையாவது வரிசை, பிறகு உள்பக்கம் எத்தனையாவது பெஞ்சு. (3, 4) எழுந்திரு என்றால் ஒரு பிள்ளை எழும், (4, 3) என்றால் வேறு பிள்ளை எழும். தவறி எழுந்தால் வகுப்பே சிரித்துத் திருத்திவிடும். அடுத்தது மைதானம். கொடிக்கம்பத்தை ஆதிப்புள்ளியாக வைத்துச் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு கோடு. கம்பத்துக்கு மேற்கே நிற்பவன் தன் இடத்தை எப்படிச் சொல்வான் என்று கேட்டதும் குறை எண் தானாக வந்து நின்றது. கிழக்கும் வடக்கும் கூட்டல், மேற்கும் தெற்கும் கழித்தல். மூன்றாவதாக ஊர். அதே கொடிக்கம்பம், ஓர் அலகு ஐம்பது மீட்டர், அவரவர் வீடு.

பள்ளி திறந்ததும் பிள்ளைகளோடு பத்து மீட்டர் கயிறும் போனில் திசைகாட்டியுமாக நான்கு சனிக்கிழமை ஊரைச் சுற்றினேன். ஊர்க்காரர்களில் பாதிப்பேர் பட்டாசு கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் வேன் ஏறிப் போயிருப்பார்கள். வீட்டில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து, "என்ன டீச்சர், ரோடு போடப் போறீகளா?" என்று கேட்டார்கள்.

வரிசை எண் பதினொன்று ஒரு பெண். குரல் சின்னது, கணக்கில் கெட்டி. அவள் வீட்டுக்குப் போக மேற்கே நான்கு அலகு, வடக்கே நான்கு, திரும்பக் கிழக்கே ஒன்று நடக்க வேண்டும். "நடந்தது ஒம்பது டீச்சர். ஆனா வீடு மேற்க மூணு, வடக்க நாலுதான்" என்று அவளே சொன்னாள். (-3, 4). நடந்த தூரம் வேறு, இருக்கும் இடம் வேறு என்பதை அன்றைக்கு வகுப்புக்குச் சொன்னது நானல்ல, அவள்.

ராத்திரி நோட்டில் எழுதும்போது அசதியில் நானே இடம் மாற்றி (4, -3) என்று எழுதிவிட்டேன். எதைத் தடுக்க இவ்வளவு பாடுபட்டேனோ அதே தப்பு. திங்கட்கிழமை வரைபடத்தாளில் குறித்தபோது அவள்தான் கண்டுபிடித்தாள். பள்ளிக்குத் தென்கிழக்கே தண்ணீர் நிறைந்து கிடக்கும் எங்கள் ஊர்க் கம்மாய். "டீச்சர், எங்க வீட்டக் கம்மாய்க்குள்ள போட்டுட்டீக" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். வேறு நோட்டு வாங்கி எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன்.

என் நோட்டை எங்கள் பள்ளியின் மூத்த கணித ஆசிரியர் கேட்டார். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருபவர். மாவட்டப் பயிற்சிகளில் மேடையில் நிற்பவர். "சும்மா பாத்துட்டுத் தர்றேன் டீச்சர்" என்றார். புது நோட்டு வகுப்புக்கு வேண்டியிருந்ததால் பழையதைக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். "நல்லா இருக்கு. ஆனா இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராது" என்றார். நான் நம்பினேன். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று இரண்டு நாள் மனசு சோர்ந்துகூடப் போனேன்.

அடுத்து சூலக்கரைப் பக்கம் ஒரு கணிதப் பயிற்சி. வடையும் டீயும் கொடுத்து ஆளுக்கு ஒரு கையேடு தந்தார்கள். பிரித்தேன். வாசல் மூலை, கொடிக்கம்பம், ஐம்பது மீட்டர். என் வாக்கியங்கள், என் காற்புள்ளிகள்கூட அப்படியே இருந்தன. மேலே அவர் பெயர். மேடையில் மைக்கைப் பிடித்தபடி, "இது நான் பிள்ளைகளோட தெருத்தெருவா அலைஞ்சு உருவாக்குனது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஒரு தெருவில் அவர் கால் வைத்ததில்லை.

எழுந்து கத்தியிருப்பேன். அதற்குள் கண் கடைசிப் பக்க அட்டவணையில் விழுந்தது. வரிசை எண் 11: (4, -3). அந்த வீடு இன்னும் கம்மாய்க்குள்தான் இருந்தது. மீதி டீயைக் குடித்து முடித்தேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை, "உங்க சார் பிரமாதமா பண்ணிருக்காரே" என்றார். "ஆமா, பிரமாதம்" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அதைப் பற்றி யாரிடமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எதிரே வந்தால் வணக்கம் சொன்னேன். அவரைப் பாராட்டி அலுவலகக் கடிதம் வந்த அன்று எல்லோரையும் போல நானும் கை தட்டினேன். சமைக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த ஒரு புள்ளியை நினைத்துக்கொள்வேன். அவ்வளவு சுகமாக இருந்தது, சொன்னால் வெட்கம்.

வெளியூரிலிருந்து இரண்டு பேரும் மாவட்டக் கல்வி அலுவலர் அம்மாவும் மாதிரி வகுப்பு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கையேட்டில் இருப்பது எங்கள் ஊர் என்பதால் வகுப்பும் எங்கள் பள்ளியில்தான், என் ஒன்பதாம் வகுப்பில். மூத்த ஆசிரியர் சிவகாசியில் ஒரு கடையில் கட்டம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ் அடித்து வந்தார். நடுவில் கொடிக்கம்பம், தெருக்கள், தென்கிழக்கே நீல நிறத்தில் கம்மாய். பிள்ளைகள் வந்து தங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வந்தார். "டீச்சர், ஒங்க கிளாஸ்ல நல்லா பேசுற பிள்ளைக அஞ்சு பேரு நம்பர் எழுதிக் குடுங்க. அவங்களயே கூப்பிடுறேன்."

எழுதிக் கொடுத்தேன். முதல் எண் பதினொன்று. அவள் நன்றாகப் பேசும் பிள்ளை இல்லை. ஆனால் தன் வீட்டை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் வகுப்பின் பின்சுவரோரம் விருந்தினர்களுக்குப் பக்கத்தில் நானும் தலைமையாசிரியையும் உட்கார்ந்திருந்தோம். மூத்த ஆசிரியர் அட்டவணையைப் பார்த்து, "பதினொண்ணு வாம்மா. நாலு, கழித்தல் மூணு. ஒட்டு" என்றார்.

அவள் ஃப்ளெக்ஸ் முன்னால் போனாள். கம்பத்திலிருந்து வலப்பக்கம் நான்கு, கீழே மூன்று எண்ணினாள். விரல் நீலத்தில் போய் நின்றது. திரும்பிப் பார்த்தாள். "சார், இது கம்மாய். எங்க வீடு அங்கன இல்ல."

"சரியா எண்ணு."

"சரியாத்தான் எண்ணுனேன் சார். எங்க வீடு கழித்தல் மூணு, நாலு."

பின்னால் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் முகம் சிவந்தது. "அச்சடிச்ச புத்தகம் தப்பு, நீ சரியா?" என்றார். அவள் தலையைக் குனிந்தாள். பொட்டை மட்டும் ஒட்டவில்லை.

அந்த இடத்தில் நான் எழுந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். எழவில்லை. அவர் இன்னும் பேசட்டும் என்று காத்திருந்தேன். பேசினார். "வீடு எங்க இருக்குன்னே தெரியல, இதுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு? பேசாம கம்பெனிக்குப் போ."

சிரித்த பையன்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த நேரத்தில் கம்பெனியில்தான் இருந்தார்கள். அவள் அம்மாவும்தான்.

அலுவலர் அம்மா நிமிர்ந்தார். "சார், இந்தப் பிள்ளை வீட்டை அளந்தது யாரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பையன் கத்தினான்: "நாங்கதான் மேடம்! எங்க டீச்சரோட கயிறு பிடிச்சு அளந்தோம். சார் வரல."

அப்போதுதான் நான் எழுந்தேன். பையில் இரண்டு நோட்டுகளையும் வைத்திருந்தேன். அளக்கக் கயிறு பிடித்த பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பழைய நோட்டில் (4, -3), புதிய நோட்டில் (-3, 4). அலுவலர் அம்மா கையேட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்த நிசப்தத்தை நான் ஆசைதீர அனுபவித்தேன். மூத்த ஆசிரியர் ஃப்ளெக்ஸ் ஓரத்தில் நின்றபடி பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

விருந்தினர்கள் போன பிறகு ஆசிரியர் அறையில் என் எதிரில் வந்து நின்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா திருத்தியிருப்பேன்ல டீச்சர்."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா நானே குடுத்திருப்பேன் சார்."

அவளைத் தேடிப் போனேன். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"டீச்சர், புத்தகத்துல தப்பா இருக்குன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. "தெரியும்" என்றேன்.

"எம்புட்டு நாளா?"

"மூணு மாசமா."

துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்தாள். "எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல. நானும் சேந்து செஞ்சிருப்பேன். தெரியாமப் போயி நின்னதுதான் டீச்சர் பயமா இருந்துச்சு."

அவர் என் பாடத்தைத் திருடியதைவிட அது எனக்கு வலித்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அப்படியல்ல. வலித்தது, ஆனால் சந்தோஷம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன. மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தெரிந்தும் எழாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொன்னேன். அவள், "சரி டீச்சர், பாடத்த எடுங்க" என்றாள்.

அடுத்து வந்த கையேட்டில் அவர் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை, பாடக்குழு என்று போட்டிருந்தார்கள். அட்டவணையைத் திருத்தியிருந்தார்கள். அவர் மாறுதல் கேட்டு ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனார். வழியனுப்பு விழாவில் எல்லோரும் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசினார்கள். என் முறை வந்தபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

இப்போதும் பயிற்சிகளில் எதிர்ப்படுகிறார். வணக்கம் வைக்கிறார், நானும் வைக்கிறேன். அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுத்துப் படிக்கிறாள். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டுவிட்டேன். அவரை மன்னிக்க வேண்டும் என்று யார் யாரோ சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு இன்னும் அந்த எண்ணம் வரவில்லை.