படிப்பு நேரத்தில் அடித்த போன்

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது ஒரு கடிதம். புனேயில், பெண்கள் விடுதியொன்றில் வார்டனாக இருந்த தொண்ணூறுகளின் கடைசியில் எழுதியது. அறிவிப்புப் பலகைக்கு ஒரு பிரதி, ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் ஒரு பிரதி.

காரணம் நியாயமானதுதான். மெஸ்ஸில் சப்பாத்தி இடும், எல்லோரும் மாவ்ஷி என்று கூப்பிடும் பெண்கள் இருவரும் ஏரவாடாவிலிருந்து வந்தார்கள். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும். அதனால் எட்டு மணிச் சாப்பாட்டை ஏழுக்கு இழுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் இருந்த படிப்பு நேரத்தைப் பின்னால் தள்ளினேன்: எட்டேகாலிலிருந்து பத்து வரை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, அழகாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்புள்ளிகளைக்கூட ரசித்தேன். கவிதை எழுதுகிறவளின் திமிர்.

படிப்பு நேரத்தில் பெண்களைப் போனுக்குக் கூப்பிடக் கூடாது என்பது பழைய விதி. பத்து மணிக்கு, போன் இருக்கும் ஆபீஸைப் பூட்டுவதும் பழைய விதி. இரண்டையும் நான் தொடவேயில்லை. தொடாததாலேயே, ராத்திரி போன் வரும் நேரம் முழுவதும் அவற்றுக்கு நடுவே நசுங்கிப்போனது. கட்டணம் குறைந்த பிறகு எஸ்டிடி பூத் வாசலில் வரிசையில் நிற்கும் அப்பா அம்மாக்கள் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை.

புசாவலிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தமிழ்க் குடும்பம். அப்பாவுக்கு அங்கே ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை. பெண்ணை வெளியூரில் விட அவருக்கு மனதேயில்லை. "வாரா வாரம் புதன்கிழமை ஒன்பது மணிக்கு அவ குரல் கேக்கணும். கேக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று, சேர்க்கும் அன்றே என் முன்னால் சொன்னார். நான் தலையாட்டினேன்.

புது நேரம் வந்த முதல் புதனன்று வாட்ச்மேன் போனை எடுத்து, "படாய் கா டைம் ஹை" என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த புதன் நானே எடுத்தேன். அவள் அம்மா.

"ஹலோ, என் பொண்ணு இருக்காளாங்க?"

"படிப்பு நேரம்மா இது. காலையில கூப்பிடுங்க."

"ஐயோ, நீங்க தமிழா! வாட்ச்மேன் என்ன சொன்னார்னே புரியல. நீங்க சொன்னா சரிம்மா. ரொம்ப நன்றி."

வைத்துவிட்டாள். தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷத்தில் மகளை மறுபடி கேட்கவேயில்லை. நானோ அந்தப் பெண்ணிடம் சொல்லவேயில்லை, மறந்துவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். நான் மாடிப்படியில் அவளைக் கடந்து போனேன், நூறு தடவையாவது.

மூன்றாவது புதனன்று போன் வரவில்லை. அப்பாவே வந்தார், ரயில் அழுக்கோடு, கையில் ஒரு காலிப் பையோடு. பை அவள் துணிகளுக்கு.

"லெட்டர் வந்துச்சு மேடம். பக்கத்து வூட்டுப் பையன் படிச்சுச் சொன்னான். சாப்பாடு டைம் இருக்கு, படிப்பு டைம் இருக்கு. போனைப் பத்தி ஒரு வரி இல்ல. காலையில கூப்பிடலாம்னா முழுக் கட்டணம். பொண்ணு இங்க இருக்காளா இல்லையான்னு அவங்கம்மா ரெண்டு வாரமா தூங்கல."

"இருக்கா சார். தப்பு என்னோடது. போன வாரம் எடுத்தது நான்தான்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்ட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. மெஸ் பூட்டியாகிவிட்டது, மாவ்ஷிகள் நிம்மதியாக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். என் அறையிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்தேன். பார்வையாளர் பெஞ்சில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் இறங்கி வந்தாள். "இப்பதான் ஞாபகம் வந்துச்சாப்பா?" என்று ஆரம்பித்தவள் பையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "நான் வரமாட்டேன். பரீட்சை இருக்கு."

"உங்கம்மா கிட்ட சொல்லு."

அம்மா ஊரில் பூத்காரர் கடையில் காத்திருந்தாள். படிப்பு நேரம். நான் எழுதிய கடிதம் ஒட்டிய பலகைக்கு நேர் கீழே போன். அப்பா சொன்ன பூத் எண்ணைச் சுழற்றி ரிசீவரைப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் அழுதாள். அழுகை கேட்டாலே போதும்போல. அங்கிருந்து ஏதோ அதட்டல், பிறகு சிரிப்பு. அப்பா அப்போதுதான் தட்டில் கை வைத்தார்.

"மேடம், அம்மா உங்ககிட்ட பேசணுமாம்" என்று பெண் ரிசீவரை நீட்டினாள்.

"அன்னைக்குப் பேசின அம்மா தானே நீங்க? அவ அங்கயே இருக்கட்டும். நம்ம ஆளு நீங்க இருக்கீங்களே, அது போதும்."

அவள் மறுபடியும் நன்றி சொன்னாள்.

மறுநாள் இரண்டாவது கடிதம் எழுதினேன். ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை போனுக்கு விலக்கு. வீடுகளுக்குப் போகும் பிரதிகளில் தமிழும் இந்தியும் மராத்தியும் என் கையெழுத்தில். காற்புள்ளிகளைப் பார்க்கவில்லை. காலிப் பையை அவர் காலியாகவே மடித்து எடுத்துப் போயிருந்தார்.

இப்போதும் யாராவது எனக்கு நன்றி சொன்னால், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன்.