இதர செலவும் மூன்றாம் மாடியும்

குடியிருப்பில் அவரை எல்லோரும் "ஏன் சார்" என்றுதான் அழைப்பார்கள். தண்ணீர் லாரி தாமதமாக வந்தால் மற்றவர்கள் திட்டுவார்கள், இவர் ஓட்டுநரிடம் போய், "ஏன் தாமதம்? எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்பார். பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போட்டே ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எங்கே நின்று மூச்சு வாங்குகிறது என்று தோண்டித் துருவிப் பார்ப்பது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம்.

அப்படிப்பட்டவரைக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆக்கியது யாருக்கும் ஆச்சரியமில்லை. வேறு யாரும் அந்தப் பதவிக்குக் கை தூக்கவில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் ஏன் சார் அதற்குச் சம்மதித்தது ஒரே ஒரு காரணத்துக்காக. அது மூன்றாம் மாடியில், அவர் வீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவி இருபது வருடத்துக்கும் மேலாக ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவர். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆனபிறகு படி இறங்க முடியாது. லிஃப்ட்டோ, எப்போது எந்த மாடிக்கு நடுவில் நிற்கும் என்று அதற்கே தெரியாது. ஒரு முறை அதற்குள் வெகுநேரம் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மற்றபடி ஒன்றரை வருடமாக அவர் பார்க்கிற உலகம் ஜன்னலும் அதில் தெரிகிற எதிர்க்கட்டிட மொட்டை மாடித் தொட்டியும்தான். புது லிஃப்ட் வைக்க ஆண்டுக் கூட்டத்தில் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் தீர்மானம் வரைக்கும் கூட்டம் போனதே இல்லை.

ஏன் போகவில்லை? இதுதான் ஏன் சாரின் மண்டையைக் குடைந்த கேள்வி. பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். எல்லா வருடமும் ஒரே கதை. முதலில் கணக்கு, பிறகு பழுதுபார்ப்பு, கடைசியில் புதிய திட்டங்கள். கணக்கில் "இதர செலவு" என்ற வரி வந்ததும் தரைத்தளத்துத் தையல்காரம்மா எழுந்து நிற்பார். அதற்கப்புறம் யாருக்கும் உட்கார மனமிருக்காது. வாய்த் தகராறு முற்றி, பாதிப் பேர் சாப்பாட்டு நேரம் என்று நழுவி, குறைந்தபட்ச வருகை இல்லாமல் கூட்டம் கலைந்துவிடும்.

"முதல் நிறுத்தத்துலயே வண்டி நின்னு போனா, கடைசி நிறுத்தத்துல நிக்கிறவன் என்ன பண்ணுவான்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அப்போ வண்டியோட வழியையே மாத்துங்க" என்றார் மனைவி.

"மாத்த முடியாதும்மா. கணக்கை வச்சு ஒப்புதல் வாங்கியே ஆகணும். அது விதி."

"ஒப்புதல் வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா சொல்ற விதத்தை மாத்தலாமில்ல? நாங்க வார்டுல ஷிஃப்ட் மாறும்போது என்ன சொல்லுவோம்? எல்லாரோட மருந்தும் தனியா, எல்லாரோட காயமும் தனியாவா சொல்லுவோம்? நோயாளி நோயாளியாச் சொல்லுவோம். இவருக்கு என்ன ஆச்சு, என்ன செஞ்சோம், இனி என்ன செய்யணும். அவ்வளவுதான். அடுத்த கட்டில்."

ஏன் சார் எழுந்து கணினி முன் போய் உட்கார்ந்தார். அதில் தயாரித்து வைத்திருந்த பக்கங்கள் எல்லாவற்றையும் அழித்தார். தலைவராக இருந்த மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் மயக்கமே வந்திருக்கும்.

முதல் வேலையாக, தணிக்கை செய்த முழுக் கணக்கையும் அழைப்போடு சேர்த்து இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். கேள்வியிருந்தால் எழுதித் தரச் சொன்னார். கூட்டத்தன்று வரவு செலவை வரி வரியாக வாசிக்கப் போவதில்லை. கேள்வி வந்த இடங்களுக்குப் பதில், பிறகு ஒப்புதல். அதற்கு நடுவில்தான் கட்டிடத்தைக் கட்டில் கட்டிலாகச் சொல்லப்போகிறார். தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி, குழாய்கள், லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் இந்த வருடம் செலவானது, செய்த வேலை, மீதமிருப்பது, அதற்குக் கூட்டத்திடம் கேட்பது. புதிய வேலை என்றால் மூன்று பேரிடம் வாங்கிய விலைப்புள்ளி, வீட்டுக்கு எவ்வளவு வரும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே பக்கத்தில்.

இப்படிப் பிரித்துப் போடும்போதுதான் அது அகப்பட்டது.

செலவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எந்தக் கட்டிலுக்குச் சேரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். போன கூட்டத்தில் ரகளை கிளப்பி ஒப்புதலில்லாமல் நின்றுபோன அந்த "இதர செலவு" வந்தது. பெரிய தொகை. அதில் பாதிக்கு மேல் ஒரே சீட்டு: கழிவுநீர்க் குழாய் மாற்றம். எங்கே? தரைத்தளம், தையல்காரம்மா வீட்டுக் குளியலறைச் சுவருக்குப் பின்னால் இருக்கிற குழாய்ச் சந்து.

ஏன் சாருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நேரே தரைத்தளத்துக்கு இறங்கிப் போனார்.

தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்தாமலே, "என்ன சார், கேள்வி எழுதித் தரச் சொன்னீங்களே, எழுதிட்டேன். அந்த இதர செலவை யாரு சாப்பிட்டாங்கன்னு" என்றார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். முதல்ல அந்தச் சுவரைப் பார்க்கலாமா?"

சுவரில் ஈரம் இல்லை. ஆனால் ஒரு ஆள் உயரத்துக்கு வெண்ணிறமாகப் பூத்து, பூச்சு பொருபொருவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. ஏன் சார் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்த சுவர்.

"இது எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"நாலு வருஷமா சார். வருஷா வருஷம் இதைச் சொல்லலாம்னுதான் கூட்டத்துக்கு வர்றேன். பழுதுபார்ப்புன்னு ஒண்ணு வரும்போது சொல்லலாம்னு உட்கார்ந்திருப்பேன். அது எங்க வருது? கணக்கு முடியறதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடறாங்க. அதான் கணக்கு வரும்போதே பிடிச்சுக்கறேன். அப்பவாவது நாலு பேர் என் மூஞ்சியைப் பார்க்கறாங்க."

"அம்மா, அந்த இதர செலவை யாரும் சாப்பிடல. உங்க சுவருக்குப் பின்னாடி இருந்த குழாய்தான் சாப்பிட்டுச்சு. மாத்திட்டாங்க. கசிவு நின்னு போச்சு. இது பழைய ஈரம் விட்ட உப்பு. பூச்சை உரிச்சுட்டுப் புதுசாப் பூசணும். அதைச் செய்யல. உங்ககிட்டச் சொல்லவும் இல்ல."

தையல் இயந்திரம் நின்றது. "அப்போ நான் இவ்வளவு நாள் என் சுவரோடதான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேனா?" என்றார் அந்த அம்மா. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரிக்கிறேன்னு நினைச்சு விட்டுடாதீங்க. பூச்சு எனக்கு வேணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். படுக்கை விரிப்பைக் கட்டி அதில் ஒவ்வொரு பக்கத்தையும் படமாகக் காட்டினார்கள். முதல் பக்கத்தில், "இன்று நாம் முடிவெடுக்க வேண்டியவை மூன்று" என்று மட்டும் இருந்தது: கணக்கு ஒப்புதல், தரைத்தளச் சுவர்ப் பூச்சு, லிஃப்ட். அடுத்த பக்கமே குழாய்கள். தையல்காரம்மா வீட்டுச் சுவரின் படம், மாற்றிய குழாயின் படம், சீட்டு, மீதி வேலை. யாரும் குரல் உயர்த்தவில்லை. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்று ஒருவர் முணுமுணுத்தார். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டார். பூச்சுக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். கணக்கும் ஒப்புதலானது. மணியைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசிப் பக்கம் லிஃப்ட். அதன் முதல் வரி: "இதனால் செயலாளர் வீட்டுக்கு நேரடி நன்மை உண்டு. எனவே இதைத் தலைவர் விளக்குவார்." அந்த வரியைப் போடச் சொன்னது மனைவிதான். "நீங்க மறைச்சா அதுதான் கூட்டமே ஆயிடும்" என்று சொல்லியிருந்தார். ஏன் சார் ஒதுங்கி, ஒரு தூணருகே நின்றார். வாழ்க்கையில் அவருக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

தலைவர் முடித்ததும் தையல்காரம்மா எழுந்தார். பலர் பெருமூச்சு விட்டார்கள்.

"லிஃப்ட்டை நான் ஒரு நாள்கூடத் தொட்டதில்ல. நான் ஏன் எல்லாரும் கொடுக்கிற அளவு கொடுக்கணும்? இதுதான் என் கேள்வி. இன்னொண்ணு. சார் வீட்டுப் பத்திரத்துல முதல் பேர் நர்ஸம்மா பேரு. ஓட்டு அவங்களுதுதானே? அவங்க எங்க?"

"மேலே இருக்காங்க. இறங்க முடியாது" என்றார் ஏன் சார்.

"அப்போ அவங்க வாயால ஒரு வார்த்தை கேக்காம எப்படி ஓட்டெடுக்கிறது? அவங்களால இறங்க முடியலன்னா நாம ஏறுவோம். கூட்டத்தை அங்க வச்சுக்கலாமா, தலைவரே?"

கூட்டத்தை ஒத்திவைத்து வேறிடத்தில் தொடர, வந்திருப்பவர்களின் சம்மதம் போதும். தலைவர் கேட்டார், சம்மதம் கிடைத்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் படியேறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மருந்துக்கடைக்காரர் நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம்" என்றார்.

கதவைத் திறந்த நர்ஸம்மா அப்படியே நின்றுவிட்டார். ஊன்றுகோலைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தையல்காரம்மாவிடம், "உங்க சுவர்ப் பூச்சுக்கு ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார். அதைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அந்தப் பக்கத்தைக் கணவர் அவரிடம் எத்தனையோ முறை ஒப்பித்திருந்தார்.

"ஒத்துக்கிட்டாங்கம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். எல்லார் மூஞ்சியும் மறந்தே போச்சு" என்றார். குரல் உடைந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. தையல்காரம்மாவின் பங்குக் கேள்வியைத் தலைவர் சொன்னதும், "தரைத்தளத்துக்காரங்க பாதி கொடுத்தாப் போதும்னு திருத்தம் கொண்டு வாங்க. நான் வழிமொழியறேன். எங்க பங்கு கூடினாலும் பரவாயில்ல" என்றார்.

திருத்தத்தோடு தீர்மானம் நிறைவேறியது. தூக்கிய கைகளில் முதல் கை யாருடையது என்று ஏன் சார் கவனிக்கவில்லை; அவர் மனைவியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புது லிஃப்ட் வர இன்னும் பல மாதங்கள் ஆகும். அனுமதி, ஒப்பந்தம், வேலை என்று நிறைய இருக்கிறது.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். வாசலுக்கு வெளியே நடையில் நாற்காலிகள் மட்டும் அங்கும் இங்குமாகக் கிடந்தன. ஏன் சார் அவற்றை அடுக்கக் குனிந்தார்.

"எடுக்காதீங்க" என்றார் மனைவி.

வாழ்நாளில் முதல் முறையாக ஏன் என்று கேட்காமல் அவர் நிமிர்ந்தார். மனைவி வாசலைத் தாண்டி வந்து, தையல்காரம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.