தீராத மிச்சம்

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, சென்னைக்குப் போய் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துத் திரும்பியவள் கஸ்தூரி. 1978-ல் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. தினமும் காலை பஸ்ஸில் வருவாள், சாயங்காலம் பஸ்ஸில் போவாள். துறையில் அவள் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியவர் துறைத்தலைவர் கோதண்டராமன் மட்டுமே.

மூன்றாம் பீரியட் முடிந்ததும் அவர் அறையில் காபி வரும். "வாம்மா, ஆறிடப் போகுது" என்று கூப்பிடுவார். அப்படி ஒரு நாள் காபி குடிக்கும்போதுதான் அந்தக் கணக்கைப் பற்றிச் சொன்னார். e-யின் அடுக்கில் மைனஸ் x ஸ்கொயர். அந்தச் சார்பின் தொகையீடு என்ன? எதை வகையிட்டால் அது வரும்? எத்தனையோ வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துல முடியாதுன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயிடறான். முடியாதுன்னா என்னம்மா அர்த்தம்? இதுவரைக்கும் யாருக்கும் முடியலன்னுதானே?"

கஸ்தூரிக்கு விடை தெரியும். சென்னையில் அவள் பேராசிரியர் ஒரு வகுப்பு முழுக்க அதைப் போட்டுக் காட்டியிருந்தார். பல்லுறுப்புக் கோவைகள், மூலங்கள், அடுக்குக்குறி, மடக்கை, சைன், கொசைன் ஆகியவற்றைக் கூட்டியும் பெருக்கியும் ஒன்றுக்குள் ஒன்று வைத்தும் எழுதுகிற எந்த வாய்பாடும் அதற்கு விடையாகாது. யாரும் கண்டுபிடிக்காமல் விட்டது அல்ல, இல்லை என்றே நிரூபித்த விஷயம். அதைச் சொல்ல வாயெடுத்தாள். எதிரே அவர் முகம் அவ்வளவு ஆவலாக இருந்தது. வேலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

"இருக்கலாம் சார்" என்றாள்.

அன்றிலிருந்து காபியோடு தாள்களும் வந்தன. அவர் முறை எளிமையானது. அதே e-யை 2x-ஆல் வகுத்து முன்னால் ஒரு மைனஸ் போடுவார். வகையிட்டால் வேண்டியது வரும், கூடவே ஒரு மிச்சமும் வரும். அந்த மிச்சத்தை அடிக்க இன்னோர் உறுப்பைச் சேர்ப்பார். பழைய மிச்சம் போய்ப் புது மிச்சம் விழும். அதை அடித்தால் அடுத்தது. இது நிற்கவே நிற்காது என்று கஸ்தூரிக்குத் தெரியும். எங்காவது அவருக்கு மிச்சம் தீர்ந்து போயிருந்தால் ஏதோ ஒரு குறி மாறியிருக்கும். அவள் அந்த இடத்தைத் தேடிப் பென்சிலால் சுழித்துக் கொடுப்பாள்.

"அடடா! கண்ணுல மண்ணத் தூவிட்டுப் போயிருக்கு பாரு" என்று சிரிப்பார். மறுபடி உட்கார்வார்.

முதலில் பாவம் பார்த்துத்தான் சும்மா இருந்தாள். பிறகு அது மட்டுமில்லை. அவ்வளவு பெரிய மனுஷர் தாளை நீட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் தாள் நின்றுவிடும், காபியும் நின்றுவிடும். பஸ்ஸில் போகும்போது நெஞ்சு உறுத்தும். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். அந்த நாளை வரவே இல்லை.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் கோதண்டராமன் கையில் தாள் இல்லாமலே வந்தார்.

"முடிஞ்சிடுச்சும்மா. மிச்சமே இல்ல. அடுத்த வாரம் மெட்ராஸ்ல ஆசிரியர் கூட்டம், அங்க படிக்கப் போறேன்."

கஸ்தூரி நாற்காலியை விட்டு எழுந்தாள். "ஒரு தடவை நான் பாக்கறேனே சார்."

"இந்தத் தடவை மாட்டேன். நீயும் வா, அங்க வந்து கேளு. நம்ம துறை தசரதனும் வரான்."

கதவை மூடிவிட்டு எல்லாவற்றையும் சொல்ல அதுதான் நேரம். அவள் சரி என்று தலையாட்டினாள். கிளம்ப வேண்டிய நாளில் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டில் கிடந்தாள்.

திங்கட்கிழமை துறைக்குள் நுழைந்தபோது சக விரிவுரையாளர் தசரதன் அவளை வராந்தாவிலேயே நிறுத்தினார்.

"கடைசி வரிய வகையிட்டுக் காட்டுங்கன்னு ஒரு பையன் எழுந்தான். சார் போர்டுல போட்டாரு. குறி தப்பு. சபை சிரிச்சிடுச்சி. அப்பறம் அந்தப் பையனே, இது முடியாதுன்னு நிரூபிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சேன்னான்."

கஸ்தூரி அவரைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தாள்.

"அதோட விடல. சார் ஆரம்பத்துலயே, என் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தது மிஸ் கஸ்தூரின்னு நன்றி சொல்லியிருந்தாரு. அந்தப் பையன் உன் கிளாஸ்மேட்டாம். கஸ்தூரிக்கு இது தெரியுமே, எங்க கிளாஸ்லயே நடத்துனாங்களேன்னுட்டான்."

அன்று காபிக்கு யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் வகுப்புகள் முடிந்த பிறகு கோதண்டராமன் காலியான வகுப்பறை வாசலில் நின்றார். கையில் சாக்பீஸ்.

"போட்டுக் காட்டுங்க."

இத்தனை நாளில் அவர் அவளை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், நான்..."

"முதல்ல கணக்கு."

அவள் சாக்பீஸை வாங்கிப் பலகையில் எழுதினாள். "அப்படி ஒரு விடை இருந்தா, அது ஒரே ஒரு வடிவத்துலதான் சார் இருக்க முடியும். ஒரு விகிதமுறு சார்பு, அதாவது ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொண்ணால வகுத்தது, அதை R-னு வெச்சுக்கலாம், பெருக்கல் இதே e. இதுதான் பெரிய தேற்றம். அதை நம்பிக்கிட்டா மீதி நாலு வரிதான். வகையிட்டு e-யை ரெண்டு பக்கமும் நீக்கினா, R-இன் வகைக்கெழுவுல இருந்து 2xR-ஐக் கழிச்சா ஒண்ணு வரணும்."

"சரி."

"R-க்குக் கீழ, பகுதியில, x ஏதாவது இருந்தா, ஒரு புள்ளியில அது முடிவிலிக்குப் போகும். வகையிட்டா அந்த இடத்துல பகுதியோட அடுக்கு ஒண்ணு ஏறும். 2xR-ல ஏறாது. அதனால ஒண்ணை ஒண்ணு அடிக்க முடியாது. ஆனா வலது பக்கம் வெறும் ஒண்ணு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப R வெறும் பல்லுறுப்புக் கோவை."

"ஆமா சார். அப்ப 2xR-ல படி ஒண்ணு ஏறும், வகைக்கெழுவுல இறங்கும். அங்கயும் அடிபடாது. x மிச்சம் நிக்கும். ஒண்ணு வரவே வராது. R பூஜ்யமா இருந்தா பூஜ்யம்தான் வரும்."

கோதண்டராமன் பலகையை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். பிறகு மெதுவாக, "எவ்ளோ அழகா இருக்கு" என்றார். "நான் 2x-ஐ கீழ போட்டப்பல்லாம் இதேதான் நடந்திருக்கு. மிச்சம் ஏன் தீரலன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சந்தோஷமா விட்டிருப்பேன்."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சார்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. "இல்ல சார். நீங்க எங்கிட்ட வந்து கேக்கறது எனக்குப் புடிச்சிருந்தது. அதனாலதான் சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க."

"அந்தத் தப்புக் குறிய எல்லாம் சுழிச்சுக் குடுத்தீங்களே, ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

அவர் அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அதன் பிறகு அவர் அவளிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்ட நாளில் லீவு கொடுத்தார். இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்த நிரூபணத்தை அவரே நடத்தினார். விடை இல்லை என்பது வேறு, சார்பு இல்லை என்பது வேறு, வளைகோட்டின் கீழே பரப்பு இருக்கத்தான் செய்கிறது, நம்மிடம் இருக்கும் பெயர்களால் அதைச் சொல்லத்தான் முடியாது என்று அவர் உரக்கச் சொன்னது பக்கத்து வகுப்பில் நின்ற கஸ்தூரிக்குக் கேட்டது. அவள் தன் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவர் ஓய்வு பெற்று வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகு, ஒரு பொங்கலுக்குப் பழம் வாங்கிக்கொண்டு அவள் பார்க்கப் போனாள். அவர் மனைவி ராஜம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஏம்மா வர்றதே இல்ல? உன்னப்பத்தி அப்பல்லாம் தினமும் பேசுவாரே."

கோதண்டராமன் வேட்டியில் வந்து எதிரே உட்கார்ந்தார். உடம்பை விசாரித்தார், கல்லூரியை விசாரித்தார். ஜன்னலோர மேஜையில் தாள்கள் விரித்திருந்தன. புதிதாக ஏதோ கணக்கு. எட்டிப் பார்த்தால் படித்துவிடலாம் என்கிற தூரம்தான்.

"என்ன சார் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா பொழுதுபோக்கு. அன்னிக்கு மெட்ராஸ் கூட்டத்துல எழுந்து கேட்டானே, அந்தப் பையனுக்கு எழுதி அனுப்பறேன், அவன் பார்த்து சொல்றான்" என்றார் சிரித்தபடி. எழுந்துபோய்த் தாள்களை அடுக்கி, மேலே ஒரு புத்தகத்தை வைத்தார்.

ராஜம்மாள் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கஸ்தூரி எடுத்துக்கொண்டாள்.