பேசியவாறே அச்சிடுக

என் எழுத்தில் வேற்றுமொழிச் சொல் நுழைவதை நான் பொறுப்பதில்லை. ஆனால் என் முனைவர் பட்ட ஆய்வேடு, இராயபுரத்துச் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய என் தமக்கையின் கலப்புப் பேச்சைப் பற்றியது. தொண்ணூறுகளின் இறுதியில், அவள் இசைவோடு ஒலிநாடாவில் பதிந்தேன்.

"கன்டெய்னர ரிலீஸ் பண்ணிட்டாங்கோ. லாரி ஹார்பர்லேர்ந்து வந்துகினு கீது." வீட்டில் அவள் பேச்சு இது. அலுவலகக் கடிதத்திலோ 'வந்துகொண்டிருக்கிறது' என்றே எழுதுவாள். இரண்டும் அவளுடைய தமிழ்தான்.

கல்மண்டபத்துக் கணினி அச்சகத்து அம்மையாரிடம் ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது சான்றுகள் அனைத்தும் 'விடுவித்துவிட்டார்கள்', 'துறைமுகத்திலிருந்து' என மாறியிருந்தன.

"இன்னா சார் கோவிக்கிறீங்கோ? பேசுறத அப்டியே எழுதினா புக்கு கலீஜா கீது. அதான் நானே திருத்திட்டேன்" என்றார் அவர்.

ஆய்வேட்டின் மேல் கொண்ட மரியாதையால் நேர்ந்த பிழை. ஆனால் என் வாதத்தின் சான்று முழுவதும் அதில் அழிந்துபோயிற்று. ஒப்படைக்க ஒரு வாரமே இருந்தது.

என் ஆய்வு நெறியாளரோ திருத்திய படியைக் கண்டு மகிழ்ந்தார். "நல்லதாயிற்று. ஆங்கிலம் கண்ட இடத்தில் வந்து விழும் குப்பைக்கு என்னய்யா இலக்கணம்?"

"கண்ட இடத்தில் விழவில்லை, ஐயா. என் பதிவுகளில் ஆங்கில வினை தமிழ்க் கால இடைநிலையை நேராக ஏற்பதே இல்லை. நடுவில் 'பண்ணு' வந்து தாங்குகிறது. பெயரோ தமிழ் உருபை நேராக ஏற்கிறது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நிற்கும் 'எ', 'தி' என்னும் இடைச்சொல் அங்கே வருவதில்லை. சட்டகம் தமிழுடையது. சொற்கள்தாம் விருந்தினர்."

"வாதம் வேண்டாம். திருத்திய படியையே சப்மிட் பண்ணுங்கள்."

"இப்போது நீங்கள் 'சப்மிட்டுங்கள்' என்று சொல்லவில்லையே, ஐயா. உங்களுக்கும் அந்த விதி தெரியும்."

அவர் முகம் சிவந்தது. "திமிர்" என்றார். நான் மறுக்கவில்லை.

"அப்படியானால் பேச்சை அப்படியே வைத்து, ஓர் அடிக்குறிப்பு போடுங்கள். இவை கொச்சை, மன்னிக்கவும் என்று."

"என் தமக்கை பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீங்கள் ஒப்பமிடாவிட்டால் பட்டம் போகட்டும்."

அச்சகத்துக்கே திரும்பினேன். அம்மையாரின் அருகில் அமர்ந்து, ஒலிநாடாவை ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். 'கீது' வரும்போதெல்லாம் அவர் விரல் தயங்கிற்று.

"சிரிக்க மாட்டாங்களா, சார்?"

"சிரிக்கட்டும், அம்மா. தட்டுங்கள்."

அடிக்குறிப்பு ஒன்று நானும் சேர்த்தேன்: 'சான்றுகள் பேசியவாறே அச்சிடப்பட்டுள்ளன. திருத்துதல் கூடாது.' நெறியாளர் அதை இருமுறை படித்தார். பிறகு தாள் கிழியுமளவு அழுத்தி, ஒப்பமிட்டார்.